படத்தில் ஒரு சின்ன லூப், கீழே நான்கு ஆப்ஷன்: சரியான வளர்ச்சி வேகத்தைக் கண்டுபிடிக்கும் வழி

கேட் தேர்வுக்குத் தயாராகிறவர்களும், வேலைக்கான ஆன்லைன் டெஸ்ட் எழுதுகிறவர்களும் இந்த வகைக் கேள்வியை நன்றாக அறிவார்கள். படமாக ஒரு குட்டி ப்ரோகிராம் கோடு இருக்கும். அதிகம் போனால் ஐந்து வரி. கீழே நான்கு ஆப்ஷன்: n, n log n, n², log n. எது இந்தக் கோடின் டைம் காம்ப்ளெக்ஸிட்டி என்று கேட்பார்கள். பார்த்ததுமே விடை தெரிந்துவிட்டது போலத் தோன்றும், அங்கேதான் மார்க் போகிறது.

இதை முதலில் பாருங்கள்.

```
for (i = 1; i <= n; i = i * 2)
    for (j = 1; j <= i; j++)
        count++;
```

வெளி லூப் இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது, அதனால் log n. உள் லூப் ஒவ்வொன்றாக ஏறுகிறது, அதனால் n. பெருக்கினால் n log n. நான் சொல்லிக்கொடுக்கும் மாணவர்களிடம் இதைக் கொடுத்தால் பாதிக்கு மேல் இந்த விடைதான் வரும். ஆனால் சரியான விடை n. ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன். இந்த ஒரு தவறைப் புரிந்துகொண்டால் இந்த வகைக் கேள்விகளில் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும். லூப்புகளைப் பெருக்கும் பழக்கத்தை விட்டுவிட்டுக் கூட்டும் பழக்கத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

முதல் படி: படத்தை எழுத்துக்கு எழுத்து காகிதத்தில் எழுதுங்கள்

கேள்வி படமாக இருப்பதால் வரும் சிக்கல் இது. எழுத்தாக இருந்தால் மங்காமல் பெரிதாக்கிப் பார்க்கலாம், காப்பி செய்து ஓட்டியும் பார்க்கலாம். படத்தில் அது முடியாது. வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்த படம் என்றால் எழுத்தின் ஓரமெல்லாம் கரைந்திருக்கும். அப்போது கண் தானாகவே தனக்குப் பழகிய கோடைப் படித்துவிடும், படத்தில் இருப்பதை அல்ல.

ஒரு மாணவி ஒருமுறை எனக்கு ஒரு படத்தை அனுப்பி, “சார், இதுக்கு n ஸ்கொயர்தானே வரணும், ஆன்சர் கீயில n log n போட்டிருக்காங்க, கீ தப்பா?” என்று கேட்டார். கோடு இதுதான்:

```
for (i = 1; i <= n; i++)
    for (j = 1; j <= n; j += i)
        count++;
```

அவர் கடைசிப் பகுதியை `j += 1` என்று படித்திருந்தார். மங்கிய படத்தில் i என்ற எழுத்தின் புள்ளி காணாமல் போய், அது 1 என்ற எண்ணாகத் தெரிந்தது. அந்த ஒரு புள்ளிதான் வித்தியாசம். n = 16 என்று வைத்தால், `j += 1` இருந்தால் count 256 ஆகும். `j += i` இருந்தால் வெறும் 61. ஆன்சர் கீ சரியாகத்தான் இருந்தது.

இப்படிச் சந்தேகம் வந்தால் அதே படத்துக்குள்ளேயே சாட்சி தேடுங்கள். `int` என்ற சொல்லில் உள்ள i கண்டிப்பாக i தான். `i = 1` என்பதில் உள்ள 1 கண்டிப்பாக 1 தான். சந்தேகத்துக்குரிய எழுத்தை இந்த இரண்டோடும் ஒப்பிட்டால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். இன்னொரு தடயமும் உண்டு. ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும் என்றால் கேள்வி எழுதுகிறவர் `j++` என்றுதான் எழுதுவார். `j += ` என்று ஆரம்பித்திருந்தால் அங்கே 1 அல்லாத வேறு ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுவது நல்லது.

அடுத்து `+=` மற்றும் `*=`. சின்ன எழுத்தில் கூட்டல் குறியும் நட்சத்திரமும் ஒரே மாதிரிதான் தெரியும். `for (i = 1; i <= 1000; i += 2)` 500 முறை ஓடும். அதையே `i *= 2` ஆக்கினால் 10 முறைதான் ஓடும். இந்த இடத்தில் ஊகிக்கவே கூடாது.

அப்புறம் அரைப்புள்ளி. `for (...)` முடிந்த உடனே ஒரு `;` ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த லூப்புக்கு உடம்பே கிடையாது. கீழே தள்ளி எழுதியிருக்கும் வரி லூப்புக்கு வெளியே ஒரே ஒரு முறை ஓடும். அதேபோல, சி மொழியில் வரியை உள்ளே தள்ளி எழுதுவதற்கு எந்த அர்த்தமும் இல்லை, அடைப்புக்குறிதான் கணக்கு. இரண்டு for வரிகள் ஒன்றின் கீழ் ஒன்று இருப்பதால் மட்டும் ஒன்றுக்குள் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். முதலாவது எங்கே முடிகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். தனித்தனியாக அடுத்தடுத்து இருந்தால் இரண்டின் செலவையும் கூட்ட வேண்டும், அதில் பெரியதுதான் விடை.

இரண்டாம் படி: கேட்பது ஓடும் நேரமா, திரும்பி வரும் மதிப்பா?

இது வேறு, அது வேறு. 2013 கேட் தேர்வில் ஒரு சின்ன ஃபங்ஷனைக் கொடுத்து, அது திருப்பித் தரும் மதிப்பு எவ்வளவு வேகத்தில் வளரும் என்று கேட்டார்கள். அதில் வெளி லூப் சுமார் n/2 முறையும் உள் லூப் log n முறையும் ஓடும். ஆனால் உள்ளே இருந்த வரி ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டவில்லை, n/2 ஐக் கூட்டியது. ஆகவே ஓடும் நேரம் n log n, திரும்பி வரும் மதிப்போ n² log n. கேள்வியின் முதல் வரியைப் படிக்காமல் கோடை மட்டும் பார்த்தவர்கள் n log n என்று கணக்கிட்டிருப்பார்கள்.

அதனால் `count++` இருக்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒன்று மட்டும் கூடினால் மதிப்பும் உள் வரி ஓடும் எண்ணிக்கையும் ஒன்றுதான். வேறு ஏதாவது கூடினால் இரண்டும் பிரிந்துவிடும். உள்ளே ஒரு ஃபங்ஷன் கால் இருந்தால் அந்த ஃபங்ஷனின் செலவையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒற்றை லூப் எத்தனை முறை ஓடும்?

இதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரிந்து எப்போதும் வேலை செய்கிறது. லூப் மாறி எடுக்கும் மதிப்புகளை வரிசையாக எழுதிப் பாருங்கள், நாலைந்து மதிப்பு போதும். பிறகு, k முறை ஓடிய பின் மதிப்பு என்ன என்று ஒரு வாய்பாடு எழுதி, அது n ஐ எப்போது தாண்டும் என்று பாருங்கள்.

`i = i * 2` என்றால் 1, 2, 4, 8, 16. k முறைக்குப் பிறகு 2ᵏ. இது n ஐத் தாண்ட k சுமார் log n ஆக வேண்டும். `i = i / 2` என்று மேலிருந்து இறங்கினாலும் அதே கணக்குதான். மூன்றால் பெருக்கினாலும் பத்தால் பெருக்கினாலும் log தான், ஏனென்றால் அடி மாறினால் ஒரு மாறாத எண்ணால் பெருக்குவது போலத்தான், வளர்ச்சி வேகம் மாறாது.

`i = i + 5` என்றால் 1, 6, 11, 16. இது n/5 முறை, ஆகவே n. ஐந்தால் வகுத்துவிட்டதே என்று log பக்கம் போய்விடக் கூடாது.

`i = i * i` கொஞ்சம் ஏமாற்றும். 2 இல் ஆரம்பித்தால் 2, 4, 16, 256, 65536. n 65536 ஆக இருந்தாலும் ஐந்தே முறை. அடுக்கே இரட்டிப்பாகிக்கொண்டு போவதால் இது log log n. இதே லூப் `i = 1` இல் ஆரம்பித்தால் முடிவே இல்லை, ஒன்றின் வர்க்கம் ஒன்றுதானே. `i = 0` இல் ஆரம்பித்து இரண்டால் பெருக்கும் லூப்பும் அப்படித்தான். ஆகவே ஆரம்ப மதிப்பை மறக்காமல் பாருங்கள். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, நிபந்தனையில் `i * i <= n` என்று இருந்து `i++` ஆக ஏறுவது. அங்கே i வர்க்கமாக வளரவில்லை, ஒவ்வொன்றாகத்தான் ஏறுகிறது, √n வந்ததும் நிற்கிறது. அது √n.

√n வரும் மற்றொரு வேடம் இது:

```
i = 0; s = 0;
while (s <= n) {
    i++;
    s = s + i;
}
```

நிபந்தனையில் இருப்பது i அல்ல, s. அதன் மதிப்புகள் 1, 3, 6, 10, 15 என்று போகும். k முறைக்குப் பிறகு k(k+1)/2. அது n ஐத் தாண்ட k சுமார் √(2n) ஆக வேண்டும். n = 100 என்று வைத்துப் பாருங்கள்: பதிமூன்றாவது முறை s = 91, பதினான்காவது முறை 105, அத்துடன் நின்றுவிடும். 14 முறை. `i++` ஐப் பார்த்ததும் n என்று போட்டவர்கள் 100 என்று நினைத்திருப்பார்கள்.

நான்காம் படி: ஒன்றுக்குள் ஒன்று இருந்தால் வரிசை வரிசையாகக் கூட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெருக்கலாமா கூடாதா என்பதற்கு ஒரு கேள்வி கேட்டால் போதும்: உள் லூப்பின் மூன்று பகுதிகளில் எங்காவது வெளி லூப்பின் மாறி வருகிறதா? வரவில்லை, உள் லூப்பின் மாறியும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது என்றால் உள் லூப் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் ஓடும், தாராளமாகப் பெருக்கலாம். வந்தால் பெருக்கக் கூடாது. ஒவ்வொரு i க்கும் உள் லூப் எத்தனை முறை ஓடுகிறது என்று ஒரு அட்டவணை போட்டு, கடைசியில் கூட்ட வேண்டும்.

முதலில் பார்த்த கோடுக்கு வருவோம். n = 16 என்று வைக்கிறேன். உள் லூப் `j <= i` வரைதான், n வரை அல்ல.

```
i    உள் லூப் ஓடும் முறை
1        1
2        2
4        4
8        8
16      16
--------------
மொத்தம்  31
```

வரிசைகள் log n அளவுக்கு இருப்பது உண்மைதான், இங்கே ஐந்து. ஆனால் எல்லா வரிசையும் 16 அல்ல. கடைசி வரிசை மட்டும்தான் 16, அதற்கு முந்தியது பாதி, அதற்கு முந்தியது கால். கடைசி வரிசைக்கு மேலே உள்ள எல்லாவற்றையும் கூட்டினால் 15, அதாவது கடைசி வரிசையைவிட ஒன்று குறைவு. n எதுவாக இருந்தாலும் இது மாறாது. ஆகவே மொத்தம் 2n ஐத் தாண்டவே முடியாது. விடை n.

n = 1000 என்று வைத்தால் i 1 முதல் 512 வரை பத்து மதிப்புகள் எடுக்கும், மொத்தம் 1023. பெருக்கியவர் 1000 × 10 = 10000 என்று நினைத்திருப்பார். பத்து மடங்கு வித்தியாசம். n பெரிதாகப் பெரிதாக அந்த இடைவெளியும் பெரிதாகும்.

இப்போது உள் லூப்பில் ஒரே எழுத்தை மாற்றி `j <= n` என்று ஆக்குங்கள். அட்டவணையில் ஐந்து வரிசையும் 16 ஆகிவிடும், மொத்தம் 80. இங்கே பெருக்கியது சரி, விடை n log n. படத்தில் i யா n ஆ என்று பார்க்காமல் விட்டால் எது போகும் என்று தெரிகிறதல்லவா.

வெளி லூப்பை `i++` ஆக்கி, உள்ளே `j <= i` என்றே வைத்தால்? வரிசைகள் 1, 2, 3, … 16. மொத்தம் 136. இது n(n+1)/2, சுமார் n² இல் பாதி. பாதி என்பது மாறாத எண், அதனால் வளர்ச்சி வேகம் n² தான். இங்கே வரிசைகள் நிதானமாகக் குறைகின்றன. முந்தைய கோடில் ஒவ்வொன்றும் பாதியாகக் குறைந்தன. அந்த வேகமான குறைவுதான் log ஐ விழுங்கிவிட்டது.

சரி, அந்த மாணவி அனுப்பிய `j += i` கோடு. இங்கே i பெரிதாகும்போது j பெரிய பெரிய தாவலாகத் தாவுகிறது. i = 1 என்றால் 16 முறை, i = 2 என்றால் 8 முறை, i = 3 என்றால் j 1, 4, 7, 10, 13, 16 என்று 6 முறை. இப்படி எழுதிக்கொண்டு போனால்:

```
i         உள் லூப் ஓடும் முறை
1              16
2               8
3               6
4, 5           தலா 4
6, 7           தலா 3
8 முதல் 15 வரை  தலா 2
16              1
---------------------
மொத்தம்         61
```

ஒவ்வொரு வரிசையும் சுமார் n/i. ஆகவே மொத்தம் சுமார் n × (1 + 1/2 + 1/3 + … + 1/n). அடைப்புக்குள் இருப்பது ஹார்மோனிக் தொடர். அது log n வேகத்தில் வளரும் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பீர்கள். ஆனால் ஏன் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

உறுப்புகளை இப்படிக் கட்டுக்கட்டாகப் பிரியுங்கள்: 1 தனியாக ஒரு கட்டு. 1/2, 1/3 இரண்டும் ஒரு கட்டு. 1/4 முதல் 1/7 வரை நான்கும் ஒரு கட்டு. 1/8 முதல் 1/15 வரை எட்டும் ஒரு கட்டு. மூன்றாவது கட்டைப் பாருங்கள். நான்கு உறுப்புகள், ஒவ்வொன்றும் 1/4 ஐத் தாண்டாது, ஆகவே கட்டின் மொத்தம் 1 ஐத் தாண்டாது. ஒவ்வொன்றும் 1/8 ஐவிடப் பெரியது, ஆகவே கட்டின் மொத்தம் பாதிக்குக் கீழே போகாது. எல்லாக் கட்டும் இப்படித்தான், அரைக்கும் ஒன்றுக்கும் இடையில். கட்டின் அளவு இரட்டிப்பாகிக்கொண்டே போவதால் மொத்தம் சுமார் log n கட்டுகள் இருக்கும். ஆகவே தொடரின் கூட்டுத்தொகை log n வேகத்தில் வளருகிறது, கோடு n log n. இப்படிக் கட்டுக்கட்டாகப் பிரித்து இந்தத் தொடருக்கு எல்லை இல்லை என்று நிரூபித்தவர் நிக்கோல் ஒரெம், பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர். எனக்கு மிகவும் பிடித்த நிரூபணங்களில் இது ஒன்று, பள்ளிக் கணக்கு தெரிந்தவருக்கே முழுதாகப் புரிந்துவிடும்.

கோடில் எங்கேயும் இரண்டால் பெருக்கலோ வகுத்தலோ இல்லாமலே log வந்துவிட்டது, கவனித்தீர்களா? “log வேண்டுமானால் *2 இருக்க வேண்டும்” என்று நினைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியில்தான் n² போடுகிறார்கள்.

அட்டவணை முறையில் ஒரே ஒரு எச்சரிக்கை. உள் லூப் பூஜ்ஜிய முறை ஓடும் வரிசைக்கும் செலவு உண்டு. நிபந்தனையை ஒருமுறை சோதித்துப் பார்த்துத்தானே ஓட வேண்டாம் என்று தெரிந்தது? இந்தக் கோடைப் பாருங்கள்:

```
j = 1;
for (i = 1; i <= n; i++)
    while (j <= n)
        j++;
```

j க்கு ஆரம்ப மதிப்பு வெளி லூப்புக்கு வெளியே கொடுக்கப்பட்டிருக்கிறது. i = 1 ஆக இருக்கும்போதே j ஓடி முடித்துவிடும், n முறை. அடுத்து வரும் எல்லா வரிசையிலும் உள் லூப் பூஜ்ஜியம், ஏனென்றால் j ஐ யாரும் திரும்பவும் 1 ஆக்கவில்லை. மொத்தம் n, அதோடு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சோதனை என்று இன்னொரு n. ஆக 2n, விடை n. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் இருக்கிறது என்பதாலேயே n² ஆகாது. j எங்கே தொடங்குகிறது என்பதைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: n ஐ இரட்டிப்பாக்கிச் சரிபாருங்கள்

விடை கிடைத்ததும் அரை நிமிடம் செலவழித்து இதைச் செய்யுங்கள். n = 16 க்கும் n = 32 க்கும் எண்ணிக்கையைக் கண்டுபிடித்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள்.

முதல் கோடில் 31, 63. வகுத்தால் 2.03. n இரட்டிப்பானால் வேலையும் இரட்டிப்பாகிறது, ஆகவே n. `j <= n` போட்ட கோடில் 80, 192. வகுத்தால் 2.4. இரண்டைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதுதான் n log n இன் அடையாளம். `j += i` கோடில் 61, 145, அடுத்து n = 64 க்கு 337. விகிதம் 2.38, பிறகு 2.32. இரண்டுக்கு மேலேயே இருந்துகொண்டு மெதுவாக இறங்குகிறது. இதுவும் n log n. முக்கோணமாக ஏறும் கோடில் 136, 528, விகிதம் 3.88, நான்கை நோக்கிப் போகிறது, ஆகவே n². √n என்றால் விகிதம் 1.4 அளவில் வரும். log n என்றால் விகிதம் பார்க்க வேண்டியதில்லை, n இரட்டிப்பானால் எண்ணிக்கையில் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. n log n ஐயும் n log log n ஐயும் கையால் போட்டுப் பிரிக்க முடியாது, விகிதங்கள் அவ்வளவு பக்கத்தில் இருக்கும். ஆப்ஷனில் log log இருந்தால் மூன்றாம், நான்காம் படிகளைத்தான் நம்ப வேண்டும். அதேபோல n = 4, n = 5 என்று மிகச் சின்ன எண்களில் விகிதம் பார்க்காதீர்கள், அங்கே எல்லா வளர்ச்சியும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரட்டிப்பாகும் லூப் இருந்தால் 16, 32 போல இரண்டின் அடுக்குகளையே எடுங்கள்.

ஆப்ஷன்களைப் படிக்கும்போது

ஆப்ஷன்களில் O என்று இருக்கிறதா, Θ என்று இருக்கிறதா என்று பாருங்கள். O என்பது மேல் எல்லை மட்டும். n அளவு ஓடும் கோடை O(n²) என்று சொன்னாலும் அது கணிதப்படி பொய்யில்லை. சரியாக இந்த வேகம்தான் என்று சொல்வது Θ. இந்த இரண்டையும் குழப்பாமல் எழுத வேண்டும் என்று 1976 இல் டொனால்ட் நூத் வலியுறுத்தினார், ஆனாலும் இன்றுவரை பல கேள்வித்தாள்களில் O என்று போட்டுவிட்டு மனதில் Θ ஐத்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் O என்று நான்கு ஆப்ஷன் இருந்து, இரண்டு மூன்று உண்மையாக வந்தால், அவற்றில் மிக நெருக்கமானதை, அதாவது மிகச் சிறியதைத் தேர்ந்தெடுங்கள்.

லூப்பின் நடுவில் `break` அல்லது `return` இருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு எண் பகா எண்ணா என்று √n வரை வகுத்துப் பார்த்து, வகுபட்டதும் வெளியேறும் கோடை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படை எண் கொடுத்தால் முதல் முறையிலேயே நின்றுவிடும், பகா எண் கொடுத்தால் √n வரை போகும். அங்கே எல்லா உள்ளீட்டுக்கும் பொதுவாக Θ(√n) என்று சொல்ல முடியாது. மேல் எல்லை O(√n), கீழ் எல்லை Ω(1) என்று பிரித்துச் சொல்லும் ஆப்ஷன்தான் சரி.

எல்லாம் சேர்ந்து வரும் ஒரு கேள்வி

கடைசியாக ஒன்றை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். கேள்வி: இந்த ஃபங்ஷன் ஓடும் நேரம் என்ன? ஆப்ஷன்கள் log n, log log n, (log n)², n.

```
int f(int n) {
    int i, j, p = 0, s = 0;
    for (i = 1; i < n; i = i * 2)
        p++;
    for (j = 1; j < p; j = j * 2)
        s++;
    return s;
}
```

முதலில் எழுத்துகள். இரண்டு லூப்பிலும் `* 2`, கூட்டல் இல்லை. for முடியும் இடத்தில் அரைப்புள்ளி இல்லை. அடைப்புக்குறி இல்லாததால் ஒவ்வொரு for க்கும் அடுத்த ஒரு வரி மட்டும்தான் உடம்பு. ஆகவே இரண்டாம் for முதலாவதற்குள் இல்லை, அதற்குப் பிறகு வருகிறது. கூட்ட வேண்டும், பெருக்கக் கூடாது. (log n)² இங்கேயே போய்விட்டது.

முதல் லூப் 1, 2, 4 என்று n வரை, ஆகவே log n முறை. அது முடியும்போது p இன் மதிப்பும் log n. இரண்டாம் லூப்பின் எல்லை n அல்ல, p. ஆகவே அது log p முறை ஓடும், அதாவது log log n.

n = 65536 என்று வைத்துப் பாருங்கள். i 1 முதல் 32768 வரை 16 மதிப்புகள் எடுக்கும், p = 16. j 1, 2, 4, 8 என்று நான்கு மதிப்புகள், s = 4. மொத்தம் 20 அடி. n ஐ இரட்டிப்பாக்கினால் p 17 ஆகும், j 16 ஐயும் எடுப்பதால் s 5 ஆகும், மொத்தம் 22. அதற்குப் பிறகு n ஐ எத்தனை முறை இரட்டிப்பாக்கினாலும் முதல் லூப்பில் ஒவ்வொன்று கூடும். s மட்டும் 5 இலேயே நிற்கும், p 33 ஆனால்தான் அது 6 ஆகும். செலவை நிர்ணயிப்பது முதல் லூப்தான்.

கேட்டது ஓடும் நேரம், ஆகவே விடை log n. இதே படத்தை வைத்து “திரும்பி வரும் மதிப்பு என்ன வேகத்தில் வளரும்” என்று கேட்டிருந்தால் விடை log log n.